‘ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்’: அலுவலக மெயிலில் மரியாதையோடு வரும் குத்தல்

இணையத்தில் ஒரு பட்டியல் அடிக்கடி சுற்றிவரும். ஒரு பக்கம் அலுவலக மெயிலில் வரும் தொடர், எதிர்ப்பக்கம் அதன் ‘நிஜ அர்த்தம்’. ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்’ என்றால் ‘உனக்குப் படிக்கத் தெரியாதா?’, ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்றால் ‘எத்தனை தடவை கேட்பது?’. சிரிப்பதற்குச் சரி. ஆனால் அதையே அகராதியாக வைத்துக்கொண்டு இன்பாக்ஸைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம். சும்மா நினைவூட்டியவர் மேல் கோபம் வரும். நிஜமாகவே குத்தியவருக்கு நன்றி சொல்லிப் பதில் போடுவோம், ஏனென்றால் அவர் பட்டியலில் இருக்கும் எந்தத் தொடரையும் பயன்படுத்தியிருக்க மாட்டார்.

குத்தல் தொடரில் இருப்பதில்லை. அந்த மெயிலை யார், யாருக்கு, எந்த வேலைக்காக, யார் பார்க்க அனுப்புகிறார் என்பதற்கும், அதில் இருக்கும் மரியாதையின் அளவுக்கும் பொருத்தம் இல்லாமல் போகும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

வீட்டு வாசலில் நடப்பது

ரொம்ப நாள் கழித்து ஒரு உறவினர் வீட்டுக்குப் போகிறோம். ‘வாங்க வாங்க, பெரிய மனுஷங்க! எங்க வீட்டுக்கெல்லாம் வழி தெரிஞ்சுதா?’ என்று வரவேற்கிறார்கள். சொற்களைத் தனித்தனியாக எடுத்தால் எல்லாம் மரியாதை: இரண்டு முறை ‘வாங்க’, ‘பெரிய மனுஷங்க’ என்ற பட்டம், அக்கறையான கேள்வி. இருந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே நமக்குச் சுருக்கென்கிறது. காரணம், அத்தை மகனைப் ‘பெரிய மனுஷங்க’ என்று அழைக்கும் வழக்கமே அங்கே கிடையாது. ‘வாடா’ என்று சொல்லியிருந்தால் போதும். வழக்கத்துக்கு மேல் ஏறி நிற்கும் அந்த மரியாதைதான் ‘நீ வரவில்லை என்பதைக் கவனித்தோம்’ என்று சொல்கிறது.

பள்ளியில் படித்த வஞ்சப்புகழ்ச்சியும் இதே குடும்பம்தான், ஒரு முக்கியமான வித்தியாசத்தோடு. செய்யுளில் வரும் வஞ்சப்புகழ்ச்சி கண்டுபிடிக்கப்படுவதற்காகவே எழுதப்படுவது. படிப்பவர் ரசிக்க வேண்டும். அலுவலக மெயிலில் வருவது கண்டுபிடிக்கப்பட்டாலும் நிரூபிக்க முடியாதபடி எழுதப்படுவது. ‘நான் அப்படியா சொன்னேன்? உதவி வேண்டுமா என்றுதானே கேட்டேன்?’ என்று பின்வாங்க ஒரு கதவு எப்போதும் திறந்திருக்கும். வாசலில் சொன்னது காற்றோடு போய்விடும். மெயில் சர்வரில் கிடக்கும், பிரிண்ட் எடுக்கலாம், எச்.ஆரிடம் காட்டலாம். அதனால்தான் நேரில் கத்துகிறவர்கள்கூட மெயிலில் மரியாதையாக எழுதுகிறார்கள்.

மரியாதைக்கு ஒரு கணக்கு உண்டு

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ‘முகம்’ என்ற கருத்தை விரிவாக எடுத்துவைத்தார். நாலு பேர் முன்னால் ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் மதிப்புதான் முகம். வேலை கேட்பது, மறுப்பது, தவறைச் சுட்டுவது, நினைவூட்டுவது எல்லாமே எதிராளியின் முகத்தில் லேசாக உரசும். உரசலைக் குறைக்க நாம் தடவும் எண்ணெய்தான் மரியாதைச் சொற்கள்.

எவ்வளவு எண்ணெய் வேண்டும்? இதற்கு பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் ஒரு கணக்கு சொன்னார்கள். 1978-இல் நீண்ட கட்டுரையாக வந்து, 1987-இல் நூலான ஆய்வு அது. அவர்கள் முக்கியமாக ஒப்பிட்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். தமிழுக்கான தரவை லெவின்சன் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் திரட்டினார். (மற்ற இரண்டு, ஆங்கிலமும் மெக்சிகோவில் பேசப்படும் த்ஸெல்டாலும்.) உலகம் முழுக்க மரியாதை பற்றிப் படிப்பவர்கள் இன்றும் முதலில் தொடும் கோட்பாட்டில் கொங்கு நாட்டுப் பேச்சுக்குப் பங்கு இருக்கிறது.

அந்தக் கணக்கில் மூன்று உருப்படிகள். முதலாவது தூரம்: இருவரும் எவ்வளவு பழகியவர்கள். இரண்டாவது அதிகாரம்: எதிராளிக்குச் சொல்பவரைவிட எவ்வளவு மேல் கை. மூன்றாவது சுமை: கேட்கப்படும் காரியம் எவ்வளவு பெரியது. மூன்றையும் கூட்டினால் வருவதே அந்த இடத்துக்குத் தேவையான மரியாதை. பக்கத்து சீட் நண்பரிடம் ‘அந்த லிங்க்கை அனுப்புப்பா’ போதும். அதே லிங்க்கை முன்பின் தெரியாத வைஸ் பிரசிடென்டிடம் கேட்டால் மூன்று வரி பீடிகை வேண்டும்.

குத்தலைக் கண்டுபிடிக்கும் வழியும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. தூரம், அதிகாரம், சுமை மூன்றும் நேற்று இருந்தபடியே இருக்க, மரியாதை மட்டும் இன்று ஏறியிருந்தால், கூடுதலாக வந்த அந்த மரியாதை ஏதோ வேறு வேலை செய்கிறது. அது என்ன வேலை என்று தேட வேண்டும். நல்ல வேலையாகவும் இருக்கலாம்: உங்களுக்குப் பதவி உயர்வு வந்திருக்கலாம், அவர் கேட்பது பெரிய உதவியாக இருக்கலாம். அப்படி எதுவும் இல்லை என்றால், மொழியியலாளர் ஜானதன் கல்பெப்பர் 1996-இல் வகைப்படுத்திய ‘போலி மரியாதை’யாக இருக்க வாய்ப்பு உண்டு. மேலே மரியாதைச் சொல், உள்ளே அது மெய்யல்ல என்று தெரியும்படியான பொருத்தமின்மை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: முகம் என்பது ஒருவரின் பொது மதிப்பு, மரியாதை அதைக் காக்கும் எண்ணெய், தேவைக்கு மேல் ஊற்றினால் கவனிக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டதும் பேசும்

கூடுதலாக ஊற்றுவது ஒரு முறை. இன்னொன்று குறைவாகச் சொல்வது. தத்துவவாதி பால் கிரைஸ் இதற்குக் கொடுத்த உதாரணத்தை மிஞ்ச இன்னொன்று வரவில்லை. 1967-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் ஒன்றாக இருந்து 1975-இல் அச்சான கட்டுரையில் அது வருகிறது. தத்துவத் துறை வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்காக ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார். கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்: மாணவரின் ஆங்கிலம் சிறப்பாக இருக்கிறது, வகுப்புக்கு ஒழுங்காக வருவார். இரண்டும் பாராட்டு. ஆனால் தத்துவம் வருமா வராதா என்பதைத்தானே சொல்ல வேண்டும்? அதைச் சொல்லாததால் ‘வராது’ என்று படிப்பவர் புரிந்துகொள்கிறார். எழுதாமலே படிப்பவர் மனதில் ஏற்றப்படும் இந்தப் பொருளுக்கு உட்கிடை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உட்கிடை எப்படி உருவாகிறது? பேசுகிறவர் இடத்துக்குத் தேவையான அளவு சொல்வார் என்று நாம் நம்புகிறோம். அந்த அளவு குறைந்தாலோ கூடினாலோ, ‘காரணமில்லாமல் செய்திருக்க மாட்டார்’ என்று நினைத்துக் காரணத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம். நிரப்புவது நாம் என்பதால் பழி அவர் மேல் விழாது.

அலுவலகத்தில் இதன் வடிவம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். பெரிய ப்ரெசன்டேஷன் முடிந்ததும் மேனேஜரிடமிருந்து மெயில்: ‘ஸ்லைடுகளின் வண்ணங்கள் கண்ணுக்கு இதமாக இருந்தன, நேரத்துக்கு முடித்ததற்கும் நன்றி.’ பரிந்துரை என்ன ஆயிற்று, கணக்கு சரியா என்பது பற்றி ஒரு வரி இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் இரண்டு வரி எழுதுபவர் என்றால் கவலை வேண்டாம். மற்றவர்களின் ப்ரெசன்டேஷனுக்கு உள்ளடக்கம் பற்றி ஒரு பத்தி எழுதி, உங்களுக்கு மட்டும் வண்ணங்களைப் பாராட்டினார் என்றால், அது கிரைஸ் சொன்ன கடிதம்.

ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு கற்பனை உதாரணம். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் செந்தில் நிரல் எழுதும் குழு, பிரியா டெஸ்டிங் குழு. இருவருக்கும் ஒரே பதவி நிலை, ஒரு வருடமாக ‘ஹாய் பிரியா’, ‘ஹாய் செந்தில்’ என்று எழுதிக்கொள்பவர்கள். திங்கட்கிழமை செந்தில் எழுதியது: ‘ஹாய் பிரியா, சம்பளப் பட்டியல் மாட்யூலின் டெஸ்ட் ரிப்போர்ட் வியாழக்குள் கிடைக்குமா? தேங்க்ஸ்.’ வியாழன் போய்விட்டது, ரிப்போர்ட் வரவில்லை. வெள்ளி மாலை 6.40-க்கு அடுத்த மெயில் வருகிறது. சிசியில் பிரியாவின் மேனேஜரும் ப்ராஜெக்ட் மேனேஜரும். மெயில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதன் பொருள் இது:

> டியர் பிரியா,
>
> ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில் (கீழே மீண்டும் இணைத்திருக்கிறேன்), டெஸ்ட் ரிப்போர்ட் நேற்று வந்திருக்க வேண்டும்.
>
> உங்களுக்கு வேலைப்பளு சமாளிக்கக் கடினமாக இருக்கும் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஒருவேளை நான் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருக்கலாம், அதற்கு மன்னிக்கவும். எளிமையாக மறுபடி சொல்கிறேன்: எங்களுக்கு ரிப்போர்ட் தேவை. ரிப்போர்ட் தயாரிப்பதில் உதவி வேண்டுமென்றால் எங்கள் குழுவிலிருந்து ஒருவரை அனுப்பவும் தயாராக இருக்கிறேன்.
>
> தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்,
> செந்தில்

முதலில் வேலையை மட்டும் தனியே எடுத்து எழுதுங்கள். ‘ரிப்போர்ட் வரவில்லை, எப்போது வரும்?’ அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்கு உதவும் வாக்கியங்களை மெயிலில் அடித்துவிட்டால் மிச்சம் நிற்பவை மூன்று: வேலைப்பளு, மன்னிப்பு, உதவி. பழைய மெயிலை இணைத்தது வேலைக்குத் தேவைதான், அதுவும் போய்விட்டது. பட்டியல்காரர்கள் முதலில் பிடிக்கும் ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்’ இந்த மெயிலில் கிட்டத்தட்ட குற்றமற்றது.

மிச்சம் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்திடமும் ‘நீ யாருக்காக எழுதப்பட்டாய்?’ என்று கேட்க வேண்டும். பிரியாவுக்கு வேலைப்பளு இருப்பது பிரியாவுக்குத் தெரியும். ‘சமாளிக்கக் கடினம்’ என்ற தகவல் புதிதாகப் போய்ச் சேரும் இடம் சிசியில் இருக்கும் இரண்டு மேனேஜர்கள். அனுதாபம் என்ற உறையில் ‘இவரால் முடியவில்லை’ என்ற குற்றச்சாட்டு அவர்களுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. மெயிலில் சிசி என்பது பெரும்பாலும் தகவலுக்கான வரிதான், ஆனால் குத்தல் உள்ள மெயிலில் அது பார்வையாளர் வரிசை. முகம் என்பதே நாலு பேர் முன்னால் இருக்கும் மதிப்பு என்பதால், அந்த நாலு பேரைக் கூட்டிவந்த பிறகு அதே வாக்கியத்தின் எடை கூடிவிடுகிறது.

அடுத்தது மன்னிப்பு. திங்கட்கிழமை மெயிலைத் திரும்பப் படித்தால் அதில் தெளிவில்லாதது எதுவும் இல்லை. செய்யாத தவறுக்கு ஒருவர் மன்னிப்புக் கேட்டால், தவறு வேறு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். இங்கே இருக்கக்கூடிய ஒரே இடம் படித்தவரின் மண்டை. பின்னாலேயே வரும் ‘எளிமையாக மறுபடி’ அதை உறுதி செய்கிறது.

மூன்றாவதுதான் மூன்றிலும் கூர்மையானது. டெஸ்ட் ரிப்போர்ட் தயாரிப்பது பிரியாவின் அன்றாடத் தொழில். அதை எப்படிச் செய்வது என்று காட்ட இன்னொரு குழுவிலிருந்து ஆள் அனுப்புகிறேன் என்பது, சமையல்காரரிடம் சோறு வடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்பதுதான். எந்த உதவியையும் எடைபோட எளிய வழி உண்டு: இதை ஏற்றுக்கொண்டால் நடைமுறையில் என்ன நடக்கும்? ஆள் பெயர், தேதி, எந்தப் பகுதி வேலை என்று எதுவும் இல்லாத உதவி, ஏற்றுக்கொள்ளப்படுவதற்காக முன்வைக்கப்பட்டது அல்ல.

‘ஹாய்’ என்பது ‘டியர்’ ஆனது துணைச்சான்று. தூரம், அதிகாரம், சுமை எதுவும் மாறாமல் விளிப்பு மட்டும் மாறியிருக்கிறது. தனியாக அதை வைத்து முடிவு செய்ய முடியாது, மேனேஜர்கள் படிக்கும் மெயில் என்பதால் மாற்றியிருக்கலாம். வெள்ளி மாலை 6.40, ‘தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்’ இரண்டையும் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். நேரம் அவருக்குக் கை ஓய்ந்த நேரமாக இருக்கலாம், முன்கூட்டிய நன்றி பலருக்கு விரல் பழக்கம்.

படிகளாகச் சொன்னால்: வேலையைப் பிரித்தெடு, மிச்சத்தைப் பார், யாருக்கான வாக்கியம் என்று கேள், முந்தைய மெயில்களோடு ஒப்பிடு. மிச்சம் ஒன்றுமே இல்லையென்றால் குத்தலும் இல்லை, எவ்வளவு வறண்ட மெயிலாக இருந்தாலும்.

எங்கே தப்பாகப் படிப்போம்

மெயிலில் குரல் கிடையாது. இதை 2005-இல் உளவியல் ஆய்வாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்ளி குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். பெறுபவர் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று அனுப்பியவர்கள் நம்பியது 78 சதவீதம். உண்மையில் சரியாக இருந்தது 56 சதவீதம், அதாவது காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். அதே வாக்கியங்கள் குரலில் போனபோது 73. எழுதும்போது நம் மண்டைக்குள் ஒலிக்கும் தொனி எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைப்பதுதான் கோளாறு. நாம் எழுதும் மெயிலுக்கும் இது பொருந்தும்.

நம் ஊர் அலுவலக ஆங்கிலம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’, ‘ப்ளீஸ் ரிவர்ட்’, ‘ஜென்டில் ரிமைண்டர்’, ‘அஸ் டிஸ்கஸ்ட்’ எல்லாம் இங்கே அச்சு வார்ப்பு. எழுதுபவர் யோசிப்பதில்லை, படிப்பவரும் யோசிக்க வேண்டியதில்லை. அமெரிக்க க்ளையன்ட் ஒருவருக்கு ‘கைண்ட்லி’ என்ற சொல்லே முறைப்பது போலத் தோன்றலாம். சென்னையில் அது வெறும் ‘தயவுசெய்து’. எதிர்த்திசையிலும் பிசகும். பிரிட்டிஷ்காரர் ‘க்வைட் குட்’ என்று எழுதினால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ அளவுதான். அமெரிக்கர் எழுதினால் நிஜப் பாராட்டு. பிரிட்டிஷ்காரரின் ‘வித் ரெஸ்பெக்ட்’ கருத்து வேறுபாட்டுக்கு முன்னுரை. ‘வித் த க்ரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்’ என்று நீண்டால் வேறுபாடு பெரிது. இங்கேயும் பார்க்க வேண்டியது கூடுதல் அளவைத்தான்.

சிசி விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. பல நிறுவனங்களில் தேதி தவறினால் மேனேஜரைச் சேர்த்தாக வேண்டும் என்று விதியே இருக்கும், எஸ்கலேஷன் மேட்ரிக்ஸ் என்பார்கள். தணிக்கை உள்ள வங்கி, மருந்து நிறுவனங்களில் எல்லாவற்றுக்கும் எழுத்துப் பதிவு கேட்பார்கள். செந்தில் தாமதமான எல்லோருக்கும் இதே இரண்டு பேரைச் சேர்க்கிறார் என்றால், சிசி குற்றமற்றது. அந்த மூன்று வாக்கியங்கள் அப்போதும் குற்றமற்றவை ஆகிவிடாது.

பதில் எழுதுவது

குத்தலுக்குப் பதில் குத்தல் எழுதினால் சிசியில் இருப்பவர்கள் கண்ணில் இருவரும் சமம் ஆகிவிடுவார்கள். ‘ஏன் இப்படி எழுதினீர்கள்?’ என்று கேட்டால் அவர் திறந்து வைத்த கதவு வழியாகப் போய்விடுவார். சிசியை வெட்டிவிட்டுப் பதில் போடுவதும் சரியில்லை. மேனேஜர்கள் குற்றச்சாட்டை மட்டும் பார்த்தவர்களாக நின்றுவிடுவார்கள். அதே சிசியோடு, பிரித்தெடுத்த அந்த ஒரு வரி வேலைக்கு மட்டும், எண்ணிக்கையோடு பதில் சொல்வது வலுவானது:

> ஹாய் செந்தில்,
>
> 42 டெஸ்ட் கேஸில் 36 முடிந்தது. மீதி 6, புதன் மாலை உங்கள் குழு அனுப்பிய புதிய பில்டைச் சார்ந்தவை. ரிப்போர்ட் திங்கள் காலை 11 மணிக்குள் வரும். தாமதத்தை வியாழனே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.
>
> உதவ முன்வந்ததற்கு நன்றி. அந்த 6 கேஸுக்கு ஓவர்டைம் கணக்கின் மாதிரித் தரவு உங்கள் குழுவிடமிருந்து வேண்டும். இன்று இரவுக்குள் அனுப்ப முடியுமா?
>
> பிரியா

விளிப்பு பழையபடி ‘ஹாய்’. சமாளிக்க முடியவில்லை என்ற உட்கிடைக்கு 36 என்ற எண் பதில் சொல்லிவிட்டது, வாதம் இல்லாமல். பிரியா கேட்ட மன்னிப்பு நிஜமான தவறுக்கு: தேதி தாண்டுமென்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தது. மெய்யான மன்னிப்புக்கும் போலி மன்னிப்புக்கும் வித்தியாசம் பக்கத்தில் வைத்தால் தெரியும். உதவியைப் பிரியா மறுக்கவில்லை, குறிப்பான வேலையாக மாற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது நிஜமான உதவி என்றால் தரவு வந்து சேரும்.

ஒரு மெயிலை வைத்துப் புகார் கொடுக்கப் போவதில் பயனில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நல்ல அர்த்தம் ஒன்று கைவசம் இருக்கும். இது தொடர்கிறது என்றால், தேதி, சிசியில் யார், வேலைக்குத் தேவையில்லாத வாக்கியம் எது என்று மூன்று நெடுவரிசையாக ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே ஒரே ஆளுக்கு, மேனேஜர் சிசியில் இருக்கும்போது மட்டும், நாலைந்து முறை ‘உதவி’ செய்திருப்பது அந்தக் குறிப்பில் தெரிந்தால், அதற்கு நல்ல அர்த்தம் சொல்வது எழுதியவருக்கே கஷ்டம்.